விலை இறங்கிய பிறகு சீட்டு வாங்கலாமா?

ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களில் பலர், வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்பும் முன் சிங்கப்பூர் பூல்ஸ் கடையில் ஒரு காற்பந்துச் சீட்டு எடுப்பது வழக்கம். அங்கே அது சட்டப்படியான பந்தயம். இக்கரையில் புக்கியிடமோ இணையத்திலோ காற்பந்துக்குப் பணம் கட்டினால் 1953ஆம் ஆண்டு பந்தயச் சட்டப்படி குற்றம். அது ஒருபுறம் இருக்கட்டும். எந்த அணி வெல்லும் என்று மணிக்கணக்கில் வாதாடும் நம்மவர்கள், சீட்டை எப்போது வாங்குவது என்று யோசிப்பது குறைவு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சனிக்கிழமை இரவு நம் நேரம் 11 மணிக்கு இங்கிலீஷ் பிரிமியர் லீக் ஆட்டம். சொந்தத் திடலில் ஆடும் அணியின் விலை வெள்ளி மாலை 2.10. அதாவது 50 வெள்ளி கட்டி வென்றால் 105 வெள்ளி கைக்கு வரும். அணியின் முன்னணி கோல் வீரருக்குத் தொடையில் வலி. ஆடுவாரா என்று தெரியாது. அவர் ஆடினால் அணி வெல்ல 100க்கு 50 வாய்ப்பு, இல்லையென்றால் 42 என்று நீங்கள் கணிக்கிறீர்கள்.

2.10 விலையில் கையைக் கடிக்காமல் இருக்க, 100க்கு ஏறக்குறைய 48 வாய்ப்பு வேண்டும். அப்படியானால் அந்த வீரர் ஆடும் வாய்ப்பு பத்தில் ஏழுக்கு மேல் இருந்தால்தான் வெள்ளிக்கிழமைச் சீட்டு லாபம். பத்தில் ஆறுதான் என்றால், பார்வைக்கு நல்ல விலையாக இருந்தாலும் அது நஷ்டச் சீட்டு. ஆக, நீங்கள் பந்தயம் கட்டுவது அணியின் மீது மட்டுமல்ல, அந்தத் தொடையின் மீதும்தான். நிர்வாகிகளின் செய்தியாளர் சந்திப்பு பெரும்பாலும் இங்கிலாந்தில் பிற்பகலில் நடக்கும். நமக்கு அது இரவு. மாலை ஆறு மணிக்குச் சீட்டு எடுப்பவர் அதைக் கேட்காமலேயே எடுக்கிறார்.

சரி, காத்திருந்தால்? ஆட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் சற்று முன்பாக ஆட்டக்காரர் பட்டியல் வந்துவிடும். அவர் பெயர் இருந்தால் சில நிமிடங்களில் விலை 1.90க்கு இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது 100க்கு 53 வாய்ப்பு தேவை. உங்கள் கணிப்பு 50தான். பெயர் இல்லாவிட்டால் விலை 2.30க்கு ஏறும், அதற்கு 43க்கு மேல் வேண்டும். உங்களிடம் இருப்பது 42. இரண்டு வழியிலும் வாங்கக்கூடாது. காத்திருப்பவருக்குக் கிடைக்கும் பலன் அதுதான்: 50 வெள்ளி சட்டைப்பையிலேயே இருக்கும். "நல்ல செய்தி வந்துவிட்டது, இப்போது கட்டலாம்" என்று ஓடுபவர், செய்தியின் விலையையும் சேர்த்துக் கொடுத்துத்தான் வாங்குகிறார்.

செய்தியே இல்லாமல் விலை நகர்வதும் உண்டு. புதன்கிழமை அரைக் கோல் கொடுத்த அணி வியாழக்கிழமை முக்கால் கோல் கொடுக்கிறது என்றால், விவரம் தெரிந்தவர்கள் பணம் போட்டிருக்கலாம். வார நடுவில் புக்கிகள் பெரிய தொகையை ஏற்பதில்லை. அதனால் சிறு பணமே விலையைத் தள்ளிவிடும். ஆட்டம் நெருங்க நெருங்க பெரும்பணம் வரும், விலையும் உண்மைக்கு நெருங்கும். முதலில் ஒரு பக்கம் கொஞ்சம் கட்டி விலையை நகர்த்தி, பின்னால் ஓடி வருகிறவர்கள் அதை இன்னும் தள்ளிய பிறகு மறுபக்கம் பெரிதாகக் கட்டும் கில்லாடிகளும் உண்டு. எல்லா இடத்திலும் விலை ஒன்றாக நகர்ந்ததா என்று பாருங்கள். ஒரே கடையில் மட்டும் நகர்ந்தால், அது அந்தக் கடைக்காரர் தன் பக்கச் சுமையைச் சரிசெய்வதாக இருக்கலாம். நம் ஊரில் லிவர்பூலும் மன்செஸ்டர் யுனைடெட்டும் ஆடும் நாளில் ரசிகர் பணமே போதும்.

"விவரம்" என்பது எப்போதும் தொடைவலிச் செய்தியாகவும் இருக்காது. மலேசியக் காற்பந்தை உலுக்கிய 1994-95 சூதாட்ட விவகாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டதை மூத்த ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

உங்கள் நேரக்கணக்கு சரியா என்று அறிய ஒரு சின்ன நோட்டு போதும். வாங்கிய விலையையும் ஆட்டம் தொடங்கும்போது இருந்த கடைசி விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஐம்பது சீட்டுக்குப் பிறகு பாருங்கள். 2.10க்கு வாங்கியது பெரும்பாலும் 2.20, 2.25 என்று முடிந்திருந்தால், நடுவில் நாலு சீட்டு அடித்திருந்தாலும் நீங்கள் தவறான நேரத்தில் வாங்குகிறீர்கள்.

இதெல்லாம் சீட்டில் அச்சாகும் நிலையான விலைக்குத்தான். சுங்கை பீசியில் உள்ள சிலாங்கூர் டர்ஃப் கிளப் போன்ற இடங்களில் நடக்கும் குதிரைப் பந்தயம் வேறு கதை. அங்கே எல்லார் பணமும் ஒரே பானையில் விழுந்து, கழிவு போக, வென்றவர்களுக்குப் பங்கிடப்படும். பலகையில் எட்டு வெள்ளி என்று பார்த்து முன்கூட்டியே கட்டினாலும், கடைசி நிமிடப் பெரும்பணம் வந்து அதை ஐந்தாக்கினால் உங்களுக்கும் ஐந்துதான். அங்கே முந்துவதில் பயனில்லை. குதிரைகள் கதவுக்குள் ஏறும்வரை பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்குத்தான் விவரம் அதிகம்.