கடைக்காரரின் கவலையிலிருந்து ஒரு டெமோ

2007 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை அறிமுகப்படுத்தியபோது, கருவியின் செயல்பாடுகளுக்கு முன்னால் மக்களின் தொந்தரவுகளைப் பேசினார். அப்போது சந்தையில் இருந்த நான்கு போன்களின் படங்களைத் திரையில் காட்டி, தேவைப்பட்டாலும் படாவிட்டாலும் அவற்றின் கீழ்ப்பகுதியைப் பொத்தான்கள் அடைத்துக்கொண்டிருப்பதைச் சொன்னார். அதன் பிறகுதான் பொத்தான்களே இல்லாத திரை வந்தது. குரல் செய்திகளிலும் அதே வரிசைதான். ஆறாவது செய்தி வேண்டுமென்றால் முதல் ஐந்தையும் கேட்டே ஆகவேண்டிய எரிச்சலை நினைவூட்டிவிட்டு, எல்லாச் செய்திகளும் பட்டியலாக வரும் திரையைத் திறந்தார். அரங்கில் இருந்தவர்களுக்கு அந்த எரிச்சல் ஏற்கெனவே பழக்கம். அதனால் திரை எதற்காக என்று விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

பெரிய மேடையில் இது ஒருவகையில் சுலபம். அரங்கம் குறுக்குக் கேள்வி கேட்காது. ஒரு சிறு நகரத்து மருந்துக்கடையில் பில்லிங் சாப்ட்வேர் விற்கப் போகிறவரின் நிலை வேறு. எதிரே இருப்பவர் ஒரே ஒருவர்; நடுவில் மருந்துச் சீட்டோடு ஆள் வந்தால் அவரும் எழுந்து போய்விடுவார். அப்படிப்பட்ட இடத்தில், சாப்ட்வேரின் மெனு எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் காட்டுகிறார்கள் பலர். முதலில் லாகின், பிறகு கம்பெனி விவரம், பிறகு வரி அமைப்பு. பத்து நிமிடம் கழித்துத்தான் கடைக்காரருக்கு வேண்டிய முதல் விஷயம் வருகிறது. அதற்குள் அவர் மனம் கல்லாப் பக்கம் போயிருக்கும்.

டெமோவின் வரிசை கடைக்காரரின் வாயிலிருந்து வரவேண்டும். அதற்காகக் காட்டும் நாளுக்கு முன்பே ஒரு முறை போய், கூட்டம் குறைவான மதிய நேரத்தில் உட்கார்ந்து பேசவேண்டும். "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லை சார், நல்லாத்தான் போகுது" என்ற பதில்தான் வரும். நடந்த ஒன்றைக் கேட்டால்தான் விஷயம் வெளிவரும். "கடைசியா எக்ஸ்பைரி ஆன சரக்கு எவ்வளவு ரூபாய்க்கு வீணாச்சு? ஸ்டாக்கிஸ்ட் ஏன் திருப்பி எடுத்துக்கலை?" இப்படிக் கேட்டால் அவர் ஒரு மருந்தின் பெயரைச் சொல்வார், தொகையைச் சொல்வார், யார்மேல் கோபம் என்றும் சொல்வார். அந்த வார்த்தைகளை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மருந்துக்கடையில் இப்படி மூன்று விஷயங்கள் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். முதலாவது எக்ஸ்பைரி: டிராயரின் பின்பக்கம் போய்விடும் அட்டைகள், திருப்பித் தரும் கெடு தாண்டிய பிறகே கண்ணில் படுகின்றன. இரண்டாவது லூஸ் விற்பனை: பதினைந்து மாத்திரை அட்டையில் நான்கை வெட்டிக் கொடுத்தால், மிச்சம் பதினொன்று எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை, ஸ்டாக் ஒருநாளும் நேராவதில்லை. மூன்றாவது ஹெச்1 பதிவேடு. சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து போன்றவற்றை விற்கும்போது, எழுதிக்கொடுத்த டாக்டரின் பெயரும் முகவரியும், நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவையும் தனிப் பதிவேட்டில் இருக்கவேண்டும் என்பதும் அதை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் 2014 முதல் நடைமுறையில் உள்ள விதி. கடையில் அதை இரவு ஷட்டர் இறக்கும் நேரத்தில் பில் கட்டைப் பார்த்து எழுதுகிறார்கள்.

டெமோவில் இந்த மூன்றுக்கு மட்டுமே இடம். எது அதிகம் வலிக்கிறதோ அது முதலில். இங்கே அது எக்ஸ்பைரி. லாகின், அமைப்பு எல்லாம் போவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அவருடைய கொள்முதல் பில் இரண்டை முன்கூட்டியே வாங்கி, அதிலுள்ள மருந்துகளைப் பேட்ச் நம்பரோடு ஏற்றிவைத்திருந்தால் திரையில் அவர் கடைச் சரக்கே தெரியும். பெயர் தெரியாத மாதிரி மருந்துகளைக் காட்டினால், அது வேறு யாருடைய கடையோ என்றுதான் அவருக்குப் படும்.

அன்றைக்கு முதல் வாக்கியம் அவர் சொன்னதாகவே இருக்கட்டும்: "போன தடவை இருமல் சிரப் ஒரு பெட்டி திருப்ப முடியாமப் போச்சுன்னு சொன்னீங்க." இதைச் சொல்லிவிட்டு நிறுத்தவேண்டும். அவரே மீதியைச் சொல்வார். அவர் முடித்த பிறகுதான் திரை: அடுத்த மூன்று மாதத்தில் காலாவதியாகும் சரக்கு, எந்த ஸ்டாக்கிஸ்டிடம் வாங்கியது என்று பிரித்து. ஒரு பெயரைத் தொட்டால் திருப்பி அனுப்பும் பட்டியல் தயார். அந்த இடத்தில், அந்தத் திரையின் மூலையிலுள்ள மற்ற பொத்தான்களையும் காட்டிவிடலாம் என்ற ஆசை வரும். அடக்கவேண்டும். அவர் மனத்தில் இப்போது தெளிவாக நிற்பது ஒரு பெட்டி சிரப். இன்னும் இரண்டு வசதிகளைச் சேர்த்தால் அது மங்கிவிடும்.

இங்கே பெரும்பாலானோர் மறைக்கும் ஒன்றை நான் கட்டாயம் காட்டச் சொல்வேன். அந்தப் பட்டியல் தானாக வருவதில்லை. ஒவ்வொரு கொள்முதல் பில்லிலும் எக்ஸ்பைரி மாதத்தை யாரோ தட்டச்சு செய்யவேண்டும். கடையில் ஏற்கெனவே இருக்கும் சரக்கை ஒருமுறை எண்ணி ஏற்றவேண்டும். ஒரு பில்லை அவர் கண்முன்னே ஏற்றி, எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தீர்வின் விலை தெரியாமல் வாங்கியவர், சோம்பலில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவார். பிறகு பட்டியல் வெறுமையாக வரும், சாப்ட்வேர் மோசம் என்ற பெயரும் வரும்.

லூஸ் விற்பனையைக் காட்டும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. முதலாளியின் பிரச்சினையும் கவுண்டரில் நிற்கும் பையனின் பிரச்சினையும் ஒன்றல்ல. ஸ்டாக் குறைவதை முதலாளி களவோ என்று சந்தேகிக்கலாம். பையனுக்கோ மாலை ஏழு மணிக்கு, கிளினிக் விட்டுக் கூட்டம் நெரிக்கும்போது ஒரு பில்லுக்கு நான்கு தட்டு கூடுதலாகத் தட்டவேண்டியதே தொல்லை. பையன் பக்கத்தில் நிற்கும்போது "இனி ஒரு மாத்திரைகூடக் காணாமல் போகாது" என்றால் அவன் அந்த நிமிடமே அந்தச் சாப்ட்வேருக்கு எதிரியாகிவிடுவான். அதே வசதியை, "அட்டையைத் திருப்பித் திருப்பி எண்ண வேண்டாம், நாலுன்னு அடிச்சா விலையும் மிச்சமும் அதுவே போட்டுக்கும்" என்று காட்டினால் இருவருக்கும் பொருந்தும்.

பிரச்சினையை நாமே கற்பித்துக்கொண்டு போயிருந்தால் அது எப்படியும் தெரிந்துவிடும். சாப்ட்வேரில் வாட்ஸ்அப்பில் பில் அனுப்பும் வசதி இருக்கிறது என்பதற்காக, "வாடிக்கையாளர்கள் பில்லைத் தொலைத்துவிடுகிறார்கள் அல்லவா?" என்று ஆரம்பித்தால், அவர் மரியாதைக்குத் தலையசைப்பார், "நல்லா இருக்கு" என்பார். அந்த "நல்லா இருக்கு" எந்தப் பயனும் இல்லாத பதில். விஷயம் பட்டிருந்தால் அவர் குடைவார்: "ஒரே மருந்து ரெண்டு பேட்ச்ல இருந்தா எதுல கழிக்கும்? கரண்ட் போனா பதிவேடு என்ன ஆகும்? இன்ஸ்பெக்டர் வந்தா பிரின்ட் எடுத்துக் காட்டலாமா?" அப்போது தயாரித்த வரிசையை விட்டுவிட்டு அந்தக் கேள்விக்குள் போகவேண்டும். பதில் தெரியாவிட்டால் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, எந்த நாளில் என்பதையும் சொல்லவேண்டும். அவருடைய பெரிய தலைவலி கடன் பாக்கி வசூல்தான், அதற்கு இந்தச் சாப்ட்வேரில் ஒன்றும் இல்லை என்றால், அதையும் வாய்விட்டே சொல்லிவிட வேண்டும்.

இருபது நிமிடத்தில் இந்த மூன்றும் முடிந்துவிடும். மீதி ஐந்து நிமிடத்துக்குக் கீபோர்டைப் பையனிடம் கொடுத்து, நான்கு மாத்திரைக்கு ஒரு லூஸ் பில் போடச் சொல்லலாம். அவன் எந்தக் கட்டத்தில் நின்று யோசிக்கிறான் என்பதைக் குறித்துக்கொண்டு வந்தால், அடுத்த கடையில் எதை முதலில் விளக்க வேண்டும் என்பது கையில் இருக்கும்.