கட்டியவருக்கே வரும் நினைவூட்டல்

பைக் கடன் தவணையைக் காலை 9 மணிக்கே யுபிஐ மூலம் கட்டியாகிவிட்டது. 10 மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்து நிற்கிறது: ‘உங்கள் தவணை இன்னும் செலுத்தப்படவில்லை.’ கூடவே, ‘ஏற்கெனவே செலுத்தியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம்’ என்று ஒரு வரி. யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று பார்க்காமலே அனுப்புகிறோம் என்பதை நிறுவனமே ஒப்புக்கொள்கிற வரி அது.

பெரும்பாலும் நடப்பது இதுதான். கட்ட வேண்டியவர்களின் பட்டியலை முந்தைய இரவே எடுத்துவைத்துவிடுகிறார்கள். சாட்பாட் மறுநாள் காலையில் அந்தப் பட்டியலைப் பார்த்து அனுப்புகிறது. இடையில் கட்டியவர் அதில் அப்படியே இருக்கிறார். ஒவ்வொரு செய்தியும் கிளம்பும் அந்த நொடியில் கணக்கை இன்னொரு முறை பார்க்கும்படி நிரலை எழுதினால் பாதித் தொல்லை தீரும். கட்டிய பணம் நிறுவனத்தின் கணக்கில் ஏறச் சற்று நேரமாகலாம் என்பதால், செய்தியின் அடியில் ‘கட்டிவிட்டேன்’ என்று ஒரு பொத்தானும் வேண்டும். அதை அழுத்தியவரிடம் ரசீது கேட்டு நச்சரிக்காமல், பணம் வந்ததா என்று தெரியும்வரை சாட்பாட் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது நேரம். மாதத் தவணை 3,200 ரூபாய், கெடு 5-ம் தேதி, சம்பளமோ 7-ம் தேதி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். 2, 4, 5 தேதிகளில் அடுத்தடுத்து நினைவூட்டினாலும் அவரிடம் பணம் இருக்கப்போவதில்லை. மறதியால் கட்டாதவருக்குத்தான் நினைவூட்டல் உதவும். கையில் காசில்லாதவருக்கு அது வெறும் குடைச்சல். மூன்று மாதமாக அவர் 7 அல்லது 8-ம் தேதிதான் கட்டுகிறார் என்பது நிறுவனத்தின் கணக்கிலேயே இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு 2-ம் தேதி ஒரே ஒரு செய்தி போதும். அதில் ‘தவணைத் தேதியை மாற்ற முடியுமா என்று கேட்க’ என்று ஒரு பொத்தான் வைத்தால், மூன்று நினைவூட்டல்கள் செய்யாத வேலையை அது செய்யும்.

நாளில் எந்த நேரம்? கெடு தாண்டிய கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன்தாரரை அழைக்கக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி சொன்னது. அது வசூல் அழைப்புகளுக்கான விதி. ஆனாலும் சாட்பாட்டுக்கும் அதையே எல்லையாக வைத்துக்கொள்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

தொனி என்றவுடன் ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்று தொடங்கிவிடுகிறார்கள். அதைவிட முக்கியம், பூட்டிய திரையில் தெரியும் முதல் வரி. போன் மேசையில் கிடக்கும்போது பக்கத்தில் இருப்பவர் படிப்பது அதைத்தான். ‘உங்கள் கடன் பாக்கி ரூ.3,200’ என்று அங்கே மின்னினால் மானம் போகும். கெடுவுக்கு முன் அனுப்பும் செய்தி இப்படி இருக்கலாம்:

‘வணக்கம். 5-ம் தேதி குறித்து ஒரு நினைவூட்டல். 4471 என்று முடியும் உங்கள் கணக்கின் இந்த மாதத் தவணை ரூ.3,200.’

தொகை பின்னால் வருகிறது. கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் இருப்பதால், இது மோசடிச் செய்தியோ என்று சந்தேகப்படுபவர் சரிபார்த்துக்கொள்ளலாம். கெடு வருவதற்கு முன்பே ‘தவறினால் அபராதம்’ என்று மிரட்டல் இல்லை. அவர் இன்னும் எதையும் தவறவிடவில்லையே.

இதே செய்தியின் வாலில் ‘உங்களுக்குத் தனிநபர் கடன் தயார்’ என்று ஒட்டுவதுதான் பெரிய சபலம். வாட்ஸ்அப்பில் நிறுவனம் தானாகத் தொடங்கும் செய்திக்கு வார்ப்புருவை முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சேவைச் செய்தியில் விற்பனை வாசகம் கலந்தால் அதை விளம்பரம் என்றே வகைப்படுத்துவார்கள். செலவு கூடுவது ஒருபுறம் இருக்க, எரிச்சலடைந்தவர் எண்ணையே பிளாக் செய்துவிடுவார். பிறகு அவசியமான செய்தியும் போய்ச் சேராது. பலர் பிளாக் செய்தால் அந்த எண்ணின் தர மதிப்பீடும் இறங்கும்.

‘நிறுத்து’ வசதியை ஒளித்துவைக்கும் நிறுவனங்களுக்கு இது புரிவதில்லை. வழி இல்லாதவருக்கு பிளாக்தான் வழி. `STOP` என்று ஆங்கிலத்தில் அனுப்பினால் மட்டும் புரிந்துகொள்ளும் சாட்பாட் இங்கே பயன்படாது. நம்மவர்கள் ‘வேண்டாம்’ என்பார்கள், `vendam` என்றும் தட்டுவார்கள், ‘இனிமே அனுப்பாதீங்க’ என்றும் எழுதுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பதில் போக வேண்டும்: ‘நிறுத்திவிட்டோம். தவணைத் தேதி மாறவில்லை. மறுபடி வேண்டுமானால் ‘தொடங்கு’ என்று அனுப்புங்கள்.’ ‘ஏன் விலகுகிறீர்கள்?’ என்று அதற்குமேல் ஒரு கேள்வி கேட்டாலும் அது இன்னொரு தொல்லை. விளம்பரம் வேண்டாம், தவணை நினைவூட்டல் மட்டும் வேண்டும் என்பவருக்குத் தனி வழியும் இருக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, எத்தனை பேர் செய்தியைத் திறந்தார்கள் என்ற எண்ணிக்கை உதவாது. ‘கட்டிவிட்டேன்’ பொத்தானை அழுத்தியவர்களில் எத்தனை பேர், செய்தி கிளம்பும் முன்பே உண்மையில் கட்டியிருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். அந்த எண் குறையவில்லை என்றால், பழைய பட்டியலை வைத்துத்தான் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.