ஒரு வேளைக்கு எத்தனை கிராம் புரதம்?

“ஒரே வேளையில் 30 கிராமுக்கு மேல் புரதம் சாப்பிட்டால் மிச்சமெல்லாம் வீண்!” உடற்பயிற்சிக் கூடத்தில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கு இது. உண்மையில் நம் குடல் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. நேரம் கூடுதலாக எடுத்தாலும், உண்ட புரதத்தில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். அதில் எவ்வளவு தசையாகிறது என்பதே கேள்வி.

2009-இல் கனடாவில் வெளிவந்த ஆய்வொன்றில், பயிற்சி முடித்த இளைஞர்களுக்கு முட்டைப் புரதம் கொடுத்தார்கள். 20 கிராமுக்குப் பதில் 40 கிராம் கொடுத்தும் தசை உருவாகும் வேகம் பெரிதாகக் கூடவில்லை. ஆனால், அளந்தது நான்கு மணி நேரம் மட்டுமே. 2023-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 100 கிராம் பால்புரதம் கொடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் அளந்தார்கள். 25 கிராம் குடித்தவர்களைவிட இவர்களுக்குத் தசை அதிகமாகவே உருவானது, வீணானது சொற்பம். மெதுவாகச் செரித்ததை உடல் மெதுவாகப் பயன்படுத்திக்கொண்டது.

ஆகவே நாளின் மொத்த அளவே முதலில் முக்கியம். 60 கிலோ எடையுள்ள, பளு தூக்கிப் பயிற்சி செய்யும் மாணவருக்கு ஏறத்தாழ 85 முதல் 95 கிராம் போதும். நம்மவர் பலருக்குக் காலையில் ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, தே தாரிக்; சுமார் 10 கிராம்தான். கூடவே இரண்டு அவித்த முட்டை சேர்த்தால் 22. மதியம் சோற்றுடன் உள்ளங்கையளவு மீன், 24. மாலையில் பாலும் கச்சானும், 15. இரவு 100 கிராம் தெம்பே, சோற்றுடன் 23. மொத்தம் 84. வகுப்பு நீண்டு மாலை உணவு தவறினால், அதை இரவுச் சாப்பாட்டோடு தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.