போர்டில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர்

கட்டுமானப் பொருள் விற்கும் கடைகள் பலவற்றுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று போர்டில் இருப்பது. மற்றது வேலை நடக்கும் இடத்தில் ஆட்களின் வாயில் புழங்குவது. போர்டில் ‘ஸ்ரீ பாலமுருகன் டிரேடர்ஸ்’ என்று எழுதியிருக்கும். கொத்தனாருக்கு அது ‘பாலத்துக் கடை’. பிளம்பருக்கு ‘அண்ணாச்சி கடை’. வீடு கட்டுகிறவரிடம் மேஸ்திரி, “பாலத்துக் கடையில ரெண்டு மூட்டை ஒயிட் சிமென்ட் வாங்கிட்டு வந்துருங்க சார்” என்கிறார். அவர் செல்போன் வரைபடத்தில் தேடுகிறார். அப்படி ஒரு கடை அதில் இல்லை. போகிற வழியில் கண்ணில் படும் வேறொரு கடையில் வாங்கிவிடுகிறார். மேஸ்திரி தேடித்தந்த வியாபாரம், பெயர் ஒட்டாததால் கைநழுவிப் போகிறது.

புதிதாகக் கடை போடுகிறவர் இந்த இரண்டு பெயர்களையும் ஒன்றாக்க வேண்டும். அதற்கு, கடைக்கு வரும் இரு வகை ஆட்களும் பெயரை எப்படிக் கையாளுகிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மேஸ்திரியும் பிளம்பரும் எலெக்ட்ரீசியனும் பெயரை வாயால் சொல்கிறவர்கள். கலவை மிஷின் ஓடும் சத்தத்தில் போனை எடுத்து, “முக்கா இஞ்ச் எல்போ பத்து, டீ அஞ்சு, டேப் ரெண்டு குடுத்து விடுங்க” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பையனை அனுப்பினால் பெயரை ஒருமுறைதான் சொல்வார்கள். வாரம் முழுக்கக் கணக்கில் வாங்கிச் சனிக்கிழமை தீர்க்கிறவர்களுக்கு, நீளமான பெயரை முழுதாகச் சொல்லப் பொறுமை இருக்காது. வெட்டிச் சுருக்கிவிடுவார்கள்.

வீட்டுக்காரர் பெயரைக் கண்ணால் பிடிக்கிறவர். வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோதான் வீடு கட்டுவார். கடையை பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பார், பில்லில் படித்திருப்பார், போனில் ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவார். இரண்டு வருடம் கழித்துக் குழாய் கசிந்தால்தான் மறுபடி கடையை நினைப்பார். அதுவரை பெயர் மனதில் தங்கியிருக்க வேண்டும்.

ஆக, பெயர் காதிலும் நிற்க வேண்டும், கண்ணிலும் நிற்க வேண்டும். வழக்கமாக வைக்கிற பெயர்கள் இதில் எங்கே சறுக்குகின்றன என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம்.

ஒட்டன்சத்திரத்தில், பழனி போகும் சாலையில் ஒருவர் கடை போடுவதாக வைத்துக்கொள்வோம். சிமென்ட், கம்பி, பிவிசி குழாய், பெயின்ட், ஆணி முதல் தாழ்ப்பாள் வரை எல்லாம் விற்கப் போகிறார். முதலில் மனதில் வரும் பெயர் முருகன் பெயர்தான். பழனிக்குப் போகிற சாலையில் அந்தப் பெயரில் ஹோட்டல், பேக்கரி, மெக்கானிக் ஷாப், மெடிக்கல் என எல்லாமே இருக்கும். மேஸ்திரியின் போனில் ‘ஸ்ரீ’ என்று தட்டினாலே பத்துப் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். கும்பிடுகிற தெய்வத்தை விட வேண்டியதில்லை. போர்டின் உச்சியில் ‘முருகன் துணை’ என்று சின்னதாக எழுதுவது நம் ஊர் வழக்கம்தான். அங்கே தெய்வத்துக்கு இடம் கொடுத்துவிட்டுக் கடைக்கெனத் தனிச்சொல் ஒன்றை வைக்கலாம்.

அடுத்து அவர் நினைப்பது அப்பா, தாத்தா பெயர்களின் முதலெழுத்துகள்: ‘எஸ்.பி.எம். ஏஜென்சீஸ்’. குடும்பத்துக்கு அதில் பொருள் உண்டு, கேட்கிறவருக்கு இல்லை. போனில் ‘எம்’ என்பது ‘என்’ ஆகும், ‘பி’ என்பது ‘டி’ ஆகும். வீட்டுக்காரருக்கு எழுத்துகளின் வரிசை மாறிப்போகும். ‘ஏஜென்சீஸ்’, ‘டிரேடர்ஸ்’, ‘என்டர்பிரைசஸ்’ ஆகிய சொற்களுக்கும் ஒரு குறை உண்டு. உள்ளே சிமென்ட் இருக்கிறதா, அரிசி இருக்கிறதா என்று அவை சொல்லாது. ‘ஹார்டுவேர்ஸ்’ என்றால் எல்லோருக்கும் புரியும். ‘ஸ்டீல்ஸ்’ என்று வைத்தால் கம்பி வாங்குகிறவர் வருவார். குழாய் வாங்க வந்த பிளம்பர் தாண்டிப் போய்விடுவார்.

தனிச்சொல்லைக் கட்டட வேலைக்குள்ளேயே தேடலாம். மேஸ்திரி தினமும் சொல்லும் சொல்லாகவும் வீட்டுக்காரருக்குப் பழகிய சொல்லாகவும் இருந்தால் இரண்டு பக்கமும் ஒட்டும். நம் கடைக்காரர் மூன்று சொற்களை எடுக்கிறார்: ரசமட்டம், கடைக்கால், வாசக்கால்.

ரசமட்டம் இல்லாமல் எந்தக் கொத்தனாரும் சுவர் எழுப்புவதில்லை. சொல்லும் அழகானது. ஆனால் ஆட்கள் அதை ‘மட்டம்’ என்று சுருக்குவார்கள். “மட்டத்துல வாங்குன பைப்பு” என்று யாராவது சொன்னால், தரம் குறைந்த பைப் என்றுதான் காதில் விழும். கடைக்கு அது ஆகாது. சுருக்கிய பிறகு பெயர் என்னவாகிறது என்று பார்க்காமல் எந்தப் பெயரையும் முடிவு செய்யக் கூடாது.

கடைக்கால் என்பது அஸ்திவாரம். பொருள் உறுதியானது. ஆனால் அதை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால் பலரும் Kadaikal என்று எழுதுவார்கள். அதைப் படிக்கிறவர் ‘கடைகள்’ என்று படிப்பார். போனில் தேடினால் ஊரிலுள்ள கடையெல்லாம் வரும்.

வாசக்கால் மிஞ்சுகிறது. நெடிலில் தொடங்கி, நடுவில் வல்லினம் அழுத்தமாக வருவதால் சத்தத்திலும் தெளிவாகக் கேட்கும். Vasakal என்று எழுதினாலும் Vasakkal என்று எழுதினாலும் ஒரே மாதிரிதான் படிப்பார்கள். வாசக்கால் வைக்கிற நாளில் மஞ்சள் குங்குமம் இட்டு, மாவிலை கட்டி, நவதானியம் போட்டு வீட்டார் எல்லோரும் கூடி நிற்பார்கள். அன்று மேஸ்திரிக்கு வேட்டி துண்டு கிடைக்கும். இருவருக்கும் நல்ல நினைவைத் தரும் சொல் இது. ‘வாசற்கால்’ என்று இலக்கணமாக எழுத வேண்டாம். ஆட்கள் சொல்கிற மாதிரியே எழுத வேண்டும், அப்போதுதான் வாயும் போர்டும் ஒன்றாகும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மரக்கடை என்று நினைத்துக் கதவு, ஜன்னல் கேட்டுச் சிலர் வருவார்கள். அதனால் ‘வாசக்கால் ஹார்டுவேர்ஸ்’ என்று பெயர் வைத்து, அடியில் ‘சிமென்ட் – கம்பி – குழாய் – பெயின்ட்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். நான்கு பொருளுக்கு மேல் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

முடிவு செய்யும் முன் சோதித்துப் பார்ப்பது சுலபம். வேலை நடக்கும் இடத்திலிருந்து ஒருவரைப் போனில் பெயரைச் சொல்லச் சொல்லி, மறுமுனையில் இருப்பவரை எழுதச் சொல்ல வேண்டும். வெவ்வேறு வயதில் ஐந்து பேரை ஆங்கில எழுத்தில் தட்டச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் கழித்து, “அந்தக் கடைப் பேரு என்ன சொன்னேன்?” என்று அவர்களையே கேட்க வேண்டும். என்ன ஞாபகம் வருகிறதோ அதுதான் ஊரில் வழங்கப்போகும் பெயர்.

இதன் பிறகு பதிவு வேலை. தனிநபர் கடையாக இருந்தால் ஜிஎஸ்டி பதிவில் பான் கார்டிலுள்ள பெயர் சட்டப் பெயராக இருக்கும். கடைப் பெயர் வணிகப் பெயராகத் தனியே பதிவாகும். இங்கே முடிவு செய்யும் ஆங்கில எழுத்துக்கூட்டையே வங்கிக் கணக்கு, பில் புத்தகம், க்யூஆர் அட்டை, கூகுள் வரைபடம் எல்லாவற்றிலும் வைக்க வேண்டும். வரைபடத்தில் கடைப் பெயரோடு ‘குறைந்த விலை சிமென்ட் கம்பி’ என்றெல்லாம் சேர்ப்பது கூகுளின் விதிக்கு மாறானது. அதற்காகப் பதிவையே முடக்கிவிடக்கூடும்.

பெயர் தனக்கே உரியதாக வேண்டுமென்றால் வணிகச் சின்னமாகப் பதியலாம். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டம் பொருட்களையும் சேவைகளையும் வகை பிரிக்கிறது. பிறர் தயாரித்த பொருளை வாங்கி விற்கும் கடைக்கு 35ஆம் வகை பொருந்தும். சொந்தப் பெயர் போட்டுச் சிமென்ட், செங்கல் போன்றவற்றை விற்றால் 19ஆம் வகை, இரும்புச் சாமான்களை விற்றால் 6ஆம் வகை. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் முன், அதே பெயர் இருக்கிறதா என்று வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

விற்கும் பொருளையே விவரிக்கும் சொல்லுக்குச் சட்டம் எளிதில் உரிமை தராது. செங்கலுக்குச் ‘செங்கல்’ என்று பெயர் பதிய முடியாது. வாசக்காலையே செய்து விற்றால் ‘வாசக்கால்’ என்ற சொல்லுக்கும் அதே தடைதான். சிமென்டும் குழாயும் விற்கும் கடைக்கு அது நேரடி விவரிப்பு இல்லை என்பதால் வாய்ப்பு அதிகம். சமயப் பெயர்களில் சிக்கல் இன்னும் பெரிது. ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்ற பெயரைத் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. முருகன் பெயரில் கடை வைக்கலாம். பக்கத்தில் இன்னொருவர் அதே பெயரில் வைத்தால் தடுப்பதுதான் கடினம்.

கடைசியில் போர்டு. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றும் இருந்தால் 5:3:2 என்ற அளவில் அமைய வேண்டும். வாயில் வரும் தமிழ்ச்சொல்லையே பெரிதாக எழுதச் சொல்லும் இந்த விதி, நமக்குச் சாதகமானது. ஜிஎஸ்டி எண்ணும் நுழைவாயில் பலகையில் இருக்க வேண்டும்.

போர்டில்தான் பலர் பெயரைக் கோட்டை விடுகிறார்கள். சிமென்ட் கம்பெனியோ பெயின்ட் கம்பெனியோ இலவசமாகப் போர்டு வைத்துத் தரும். அதில் முக்கால் பாகம் கம்பெனியின் பெயரும் நிறமும் இருக்கும், கடைப் பெயர் ஓரத்தில் ஒரு பட்டையாக ஒதுங்கிவிடும். அதே போர்டு அடுத்த தெருவிலும் இருக்கும். வீட்டுக்காரர் மனதில் கம்பெனிதான் பதியும். ஏஜென்சி மாறினால் கடையின் முகமே மாறிவிடும். கம்பெனி போர்டைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, முகப்புக்குச் சொந்தச் செலவில் போர்டு எழுதுவது நல்லது.

ஏற்கெனவே நடக்கும் கடையென்றால் புதுப் பெயர் தேடும் முன், ஊர் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். இருபது வருடமாக ‘பாலத்துக் கடை’ என்று அழைக்கப்படுவதை எந்தப் புதுப் பெயராலும் எளிதில் மாற்ற முடியாது. அதையே போர்டில் ஏற்றிவிடலாம். ஜிஎஸ்டியில் வணிகப் பெயரை மாற்றுவதாக இருந்தால் 15 நாட்களுக்குள் திருத்த விண்ணப்பம் தர வேண்டும். பழைய பெயரை ‘முன்பு’ என்று சேர்த்து ஓராண்டாவது போர்டிலும் பில்லிலும் வைத்திருக்க வேண்டும்.

கடை திறந்து மூன்று மாதம் ஆனதும் சரக்கு ஏற்றிப் போகும் குட்டியானை ஓட்டுநரிடம், “உங்ககிட்ட எந்தக் கடைன்னு சொல்லி அனுப்புறாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் போர்டில் உள்ள பெயரைச் சொன்னால் பெயர் வேலை செய்கிறது. வேறு பெயரைச் சொன்னால், அந்தப் பெயரை அப்போதே போர்டிலும் வரைபடத்திலும் சேர்த்துவிட வேண்டும்.