ஸ்டாரில் தொடங்கி ஹாஷில் முடியும் எண்கள்

டேட்டா பேக் தீர்ந்த போனில் வாட்ஸ்அப் ஓடாது, யூடியூப் சுற்றிக்கொண்டே நிற்கும். அதே போனில் ஏர்டெல் சிம் இருந்தால், *123# என்று அடித்துக் கால் பட்டனை அழுத்திப் பாருங்கள். சில நொடிகளில் பேலன்ஸ் திரையில் வந்துவிடும். ரீசார்ஜ் தொகை முழுக்கக் கரைந்திருந்தாலும் வரும். பழைய பட்டன் போனிலும் வரும். யுஎஸ்எஸ்டி என்னும் இந்த வசதி, மொபைலில் இணையம் பரவுவதற்கு முன்பே 2ஜிக்கான ஜிஎஸ்எம் தரநிலையில் எழுதப்பட்டது. இணையத்தை நம்பி அது உருவாகவே இல்லை.

போனுக்கும் டவருக்கும் இடையே எப்போதும் ஒரு சிறு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள், உங்களுக்கு ஒரு அழைப்பு வந்திருக்கிறதா, உங்கள் சிம் அசல்தானா என்பதெல்லாம் அந்தப் பேச்சில் முடிவாகும். இதற்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட வழித்தடத்தை சிக்னலிங் சேனல் என்பார்கள். குரல் போகும் தடம் வேறு, டேட்டா போகும் தடம் வேறு. டேட்டாவுக்கு உங்கள் போன் இன்னொரு வலையமைப்பில் நுழைந்து ஐபி முகவரி வாங்க வேண்டும். பேக் தீர்ந்தால் அந்த வாசல் மூடும். சிக்னலிங் தடத்தை மூட முடியாது, மூடினால் உங்களுக்கு அழைப்பே வராது. *123# போவது அந்தத் தடத்தில்தான். அங்கே உங்கள் முகவரி சிம்மின் அடையாள எண், அவ்வளவே.

எஸ்எம்எஸ்ஸும் இதே தடத்தில் வருவதுதான். ஆனால் அது ஒரு மையத்தில் தங்கி, உங்கள் போன் ஆன் ஆகும்வரை காத்திருந்து வரும். யுஎஸ்எஸ்டி எங்கும் தங்காது. கேள்வி போய்ப் பதில் திரும்பும்வரை இணைப்பு திறந்தே இருக்கும். நடுவில் சிக்னல் அறுந்தாலோ, மெனுவைப் படிக்க நேரம் எடுத்துக்கொண்டாலோ, முதலிலிருந்து அடிக்க வேண்டியதுதான்.

ஒரு செய்தியில் கொள்ளும் அளவும் மிகச் சிறியது: 160 பைட். ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி அடுக்கினால் 182 கொள்ளும். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 2 பைட் வேண்டும் என்பதால் 80 இடம்தான். அதிலும் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனி இடம் பிடிக்கும். ‘மீதித்தொகை’ என்ற ஐந்தெழுத்துச் சொல் பத்து இடத்தைத் தின்றுவிடுகிறது. தமிழில் ஒரு முழு மெனுவைக் கொடுக்க வேண்டுமென்றால் அதைப் பல திரைகளாக உடைத்தாக வேண்டும். இந்த நெருக்கடியை மனத்தில் வைத்துத் தமிழுக்கென்றே வாக்கியங்களைச் செதுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆங்கிலம் படிக்காதவர்களுக்குத்தான் பட்டன் போன் அதிகம் தேவைப்படுகிறது.

இனி அழைப்புத் திருப்பத்துக்கு வருவோம். கால் ஃபார்வர்டிங் குறியீடும் பேலன்ஸ் குறியீடு போலவே தோற்றம் கொண்டது:

```
*21*எண்#
```

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. *123# என்றால் என்னவென்று உங்கள் போனுக்குத் தெரியாது. அடித்ததை அப்படியே டவருக்குத் தள்ளிவிடும். அது சுவிட்ச் வழியாக உங்கள் நிறுவனத்தின் சந்தாதாரர் பதிவேட்டுக்குப் போய், அங்கிருந்து யுஎஸ்எஸ்டி கேட்வே என்னும் கணினியைச் சேரும். அந்தக் கணினி பில்லிங் கணக்கைப் பார்த்துப் பதில் எழுதும். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது அந்த நிறுவனத்தின் விருப்பம். அதனால்தான் கம்பெனிக்குக் கம்பெனி பேலன்ஸ் எண் மாறுகிறது.

21 அப்படியல்ல. அதன் பொருள் உலகத் தரநிலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை அடித்ததும் போனே புரிந்துகொண்டு, ‘எல்லா அழைப்பையும் இந்த எண்ணுக்குத் திருப்பு’ என்ற கட்டளையாக மாற்றி அனுப்பும். சந்தாதாரர் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே அந்த எண் ஏறிவிடும். 67 என்றால் நீங்கள் வேறு அழைப்பில் இருக்கும்போது மட்டும், 62 என்றால் போன் அணைந்திருக்கும்போதும் சிக்னல் இல்லாதபோதும், 61 என்றால் மணி அடித்தும் எடுக்காதபோது. 61-க்கு எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்றும் சொல்லலாம். 5 முதல் 30 வரை, ஐந்தைந்தாக:

```
**61*எண்**20#
```

ஒரு கடைக்காரர் தன் எண்ணில் 21-ஐப் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் அழைக்கிறார். அழைப்பைப் பெறும் சுவிட்ச், ‘இந்த எண் இப்போது எங்கே இருக்கிறது?’ என்று பதிவேட்டைக் கேட்கிறது. பதிவேடு கடைக்காரர் இருக்கும் இடத்தைச் சொல்வதில்லை, திருப்பிய எண்ணைக் கொடுத்துவிடுகிறது. கடைக்காரரின் போனை யாரும் தொடுவதே இல்லை. முழு சிக்னலோடு மேசைமேல் இருந்தாலும் மணி அடிக்காது. சிம்மைக் கழற்றி வைத்தாலும் திருப்பம் நடந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் அது போனில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது. போனை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

மோசடிக்காரர்கள் பிடித்துக்கொண்டதும் இதையே. ‘உங்கள் பார்சல் வந்திருக்கிறது, டெலிவரி ஆளோடு பேச இந்த எண்ணை அடியுங்கள்’ என்பார்கள். எண் ஸ்டாரில் தொடங்கும், நடுவில் பத்து இலக்கம் இருக்கும், ஹாஷில் முடியும். அந்தப் பத்து இலக்கம் அவர்களுடைய போன். எஸ்எம்எஸ் திரும்பாது, திரும்புவது குரல் அழைப்பு மட்டும். ஆகவே அவர்கள் ‘ஓடிபியை அழைப்பில் சொல்லுங்கள்’ என்ற வசதியைத் தேர்ந்தெடுப்பார்கள். வாட்ஸ்அப் கணக்கு இப்படியும் கைமாறுகிறது. *401# வழியாக நடந்த திருப்பங்களை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆனால் 21, 61, 62, 67 எந்த நிறுவனமும் உருவாக்கியவை அல்ல என்பதை மறக்க வேண்டாம்.

சந்தேகம் வந்தால் *#21# அடித்துக் கேளுங்கள். ஸ்டாரும் ஹாஷும் சேர்ந்து முன்னால் வந்தால் அது கேள்வி, எதையும் மாற்றாது. அப்படியே *#61#, *#62#, *#67#. பின்னுள்ள மூன்றில் ஏதாவது ஓர் எண் தெரிந்ததும் பதற வேண்டாம். மிஸ்டு கால் தகவல் அனுப்புவதற்காக நிறுவனமே வைத்த எண்ணாகவும் இருக்கலாம். 21-இல் உங்களுக்குத் தெரியாத எண் இருந்தால் அது விபரீதம். எல்லாத் திருப்பத்தையும் ஒரே அடியில் நீக்க:

```
##002#
```

இரட்டை சிம் போனில் எந்த சிம்மிலிருந்து அடிக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

இணையம் வேண்டாம் என்ற பேச்சுக்கு ஓர் எல்லையும் உண்டு. அது 2ஜி, 3ஜி காலத்து ஏற்பாடு. 4ஜியில் இருக்கும் பல போன்கள் *123# அடித்ததும் கணநேரம் பழைய வலைக்கு இறங்கிப் பதிலை வாங்கிவரும். வோல்ட்டி இயங்கும் போனிலோ, 21 போன்ற கட்டளைகள் பல நேரம் டேட்டா தடத்தின் வழியே நிறுவனத்தின் சர்வருக்குப் போகின்றன. அங்கே மொபைல் டேட்டாவை அணைத்து வைத்திருந்தால், ‘Connection problem or invalid MMI code’ என்று ஆண்ட்ராய்டு போன் திரையில் வரலாம். குறியீடு தப்பு என்று எண்ணிவிடாதீர்கள். மொபைல் டேட்டாவை ஆன் செய்து ஒருமுறை அடியுங்கள். அதற்கும் சரிவராவிட்டால், நெட்வொர்க் அமைப்பில் 2ஜியைத் தேர்ந்தெடுத்து அடித்துப் பாருங்கள். ஜியோ போல 2ஜியே இல்லாத நிறுவனத்தில் இந்த இரண்டாவது வழி கிடையாது. அங்கே போனின் கால் செட்டிங்ஸ் பகுதிக்குள் போய் ‘கால் ஃபார்வர்டிங்’ பட்டியலைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.