இந்தச் செல் என்ன வேலை பார்க்கிறது?

பாடப்புத்தகத்தில் வரும் விலங்கு செல்லுக்கு முகவரி கிடையாது. ஆரஞ்சு நிறத்தில் நான்கு மைட்டோகாண்ட்ரியா, நீலத்தில் கொஞ்சம் எண்டோபிளாச வலை, பச்சையில் ஒரு கோல்கை, ஓரத்தில் இரண்டு லைசோசோம் என்று எல்லாமே அளவாக வைத்திருப்பார்கள். அப்படியொரு செல் நம் உடம்பில் எங்கும் இல்லை. கல்லீரல் செல் ஒன்றிலேயே மைட்டோகாண்ட்ரியா ஆயிரத்தைத் தாண்டும். முதிர்ந்த சிவப்பணுவில் ஒன்றுகூட இருக்காது.

எலக்ட்ரான் நுண்ணோக்கி தரும் படம் கறுப்பு வெள்ளை. அதில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்காது. ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள், எந்த உறுப்பிலிருந்து எடுத்தது என்று யாரும் சொல்லாமலே, அந்தச் செல் என்ன வேலை பார்க்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குக் கணையத்தைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை.

இன்சுலின் சுரக்கும் திட்டுகளை விட்டுவிடுங்கள். செரிமான நொதிகளைச் சுரக்கும் செல்லைப் பார்ப்போம். அடி அகலமாகவும், நாளத்தைப் பார்த்த நுனி குறுகலாகவும் இருக்கும். அடிப்பகுதி முழுக்க நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் கோடுகள். இன்னும் பெரிதாக்கினால், ஒவ்வொரு கோடும் உண்மையில் இரண்டு சவ்வுகளும் அவற்றுக்கிடையே ஓர் ஒடுங்கிய இடைவெளியும் என்று தெரியும். சவ்வின் வெளிப்பக்கம் நெடுகிலும் கரும்புள்ளிகள். அவைதான் ரைபோசோம்கள், ஒவ்வொன்றும் சுமார் 25 நானோமீட்டர். சொரசொரப்பான எண்டோபிளாச வலை என்று படித்தது இதைத்தான்.

உட்கருவைத் தாண்டி மேலே வந்தால் புள்ளிகள் நின்றுவிடுகின்றன. வழுவழுப்பான தட்டைப் பைகள் நாலைந்து, லேசாக வளைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அவற்றின் ஓரங்கள் உப்பியிருக்கும். சுற்றிலும் குட்டிக் குமிழ்கள். அது கோல்கை. அதற்கும் மேலே, நுனியில், அடர் கறுப்பில் உருண்டைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. செயல்படாத வடிவில் நொதிகளை அடைத்து வைத்திருக்கும் சைமோஜன் துகள்கள் அவை.

அடியிலிருந்து நுனிவரை ஒரு வரிசை தெரிகிறது. ஆனால் வரிசையைப் பார்த்து மட்டும் சரக்கு எந்தத் திசையில் போகிறது என்று சொல்லிவிட முடியாது, படம் அசையாதது. திசையைக் காட்டியது 1960களில் ஜேம்ஸ் ஜேமீசனும் ஜார்ஜ் பலாடேயும் செய்த சோதனை. கினிப்பன்றியின் கணையத் துண்டுகளுக்கு மூன்று நிமிடம் மட்டும் கதிரியக்கம் ஏற்றிய லூசின் என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்தார்கள். பிறகு சாதாரண லூசினுக்கு மாற்றிவிட்டு, வெவ்வேறு நேரங்களில் துண்டுகளைப் பதப்படுத்தினார்கள். சீவிய வெட்டுகளின் மேல் கதிரியக்கத்தைப் பதியும் ஒளிப்படப் பூச்சைத் தடவினார்கள். கதிரியக்கம் இருக்கும் இடத்தில் அது கறுத்த சுருள்களாகத் தெரியும். மூன்று நிமிடம் முடிந்த கையோடு பதப்படுத்திய துண்டுகளில் சுருள்கள் சொரசொரப்பான வலையின் மேல். மேலும் ஏழு நிமிடம் கழித்து எடுத்தவற்றில் கோல்கையின் ஓரத்தில். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் விட்டவற்றில் பெரும்பகுதி சைமோஜன் துகள்களின் மேல். 1974-ல் பலாடேக்குக் கிடைத்த நோபல் பரிசுக்குப் பின்னால் இந்த வகை வேலைதான் இருந்தது.

இப்போது படிக்கும் திறனைச் சோதித்துப் பார்க்கலாம். இன்னொரு செல்லிலும் சொரசொரப்பான வலை அப்பிக்கிடக்கிறது. உட்கருவுக்குப் பக்கத்தில் பெரிய கோல்கையும் உண்டு. இதுவும் புரதம் செய்து ஏற்றுமதி செய்கிற செல்தான். ஆனால் கறுப்பு உருண்டைகளைத் தேடினால் கிடைக்காது. ஆக, இது சரக்கைச் சேர்த்து வைத்து, சாப்பாடு வந்ததும் கொட்டுகிற செல் இல்லை; செய்யச் செய்ய வெளியே அனுப்புகிறது. உட்கருவில் அடர்ந்த குரோமாட்டின் விளிம்போரமாகத் திட்டுத்திட்டாக நிற்பதும் துணைச்சான்று. இது எதிர்ப்புரதம் சுரக்கும் பிளாஸ்மா செல்.

அட்ரீனல் புறணிக்குப் போனால் காட்சியே வேறு. புள்ளி வைத்த சவ்வுகள் குறைவு. புள்ளியே இல்லாத, கிளைத்துப் பின்னிய குழாய்கள் ஏராளம். வழுவழுப்பான எண்டோபிளாச வலை அது. கூடவே கொழுப்புத் துளிகள். இங்கே தயாராவது கொலஸ்டிராலிலிருந்து வரும் ஸ்டீராய்டு ஹார்மோன். புரதம் இல்லை என்பதால் ரைபோசோம் கூட்டத்துக்கு அவசியமில்லை. மைட்டோகாண்ட்ரியாவும் சும்மா இருப்பதில்லை. மற்ற பல செல்களில் அதன் உள்மடிப்புகள் தட்டுத்தட்டாக இருக்கும். இங்கே குழாய்களாக இருப்பதால் குறுக்கு வெட்டில் சின்னச் சின்ன வட்டங்களாகத் தெரியும். விந்தகத்தில் ஆண் ஹார்மோன் சுரக்கும் லைடிக் செல்லிலும் இதே கூட்டணியைப் பார்க்கலாம்.

இதய தசை, சிறுநீரகத்தின் அண்மைச் சுருள் நுண்குழல் என்றால் மைட்டோகாண்ட்ரியா. கிருமிகளை விழுங்கும் செல்கள் என்றால் லைசோசோம். இவை தேர்வில் வருகிற விடைகள். மனப்பாடமாகவே எல்லோருக்கும் தெரியும். என் கவலையே அந்த மனப்பாடம்தான்.

தொடக்கநிலை மாணவருக்குப் பொதுவான வரைபடம் ஒன்று வேண்டாமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள், வேண்டும்தான். ஆனால் வண்ணப்படத்தோடு நின்றுவிட்டவர்கள் நிஜப் படத்தைப் பார்க்கும்போது தடுமாறுகிறார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. திசுவைப் பிசினில் இறுக்கி, கண்ணாடி அல்லது வைரக் கத்தியால் சீவி எடுக்கும் வெட்டின் கனம் சுமார் 70 நானோமீட்டர். கத்தியை ஒட்டிய தண்ணீரில் அது மிதக்கும்போது, வெள்ளி நிறத்தில் மினுங்கினால் கனம் சரி. ஊதா நிறத்துக்குப் போனால் தடித்துவிட்டது, எலக்ட்ரான் சரியாக ஊடுருவாது. 20 மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒரு செல்லை முழுதாகச் சீவ, இப்படி ஏறக்குறைய 285 வெட்டுகள் வேண்டும். நாம் பார்ப்பது அதில் ஒன்று. அந்த ஒன்றில் கோல்கை தட்டுப்படவில்லை என்றால் செல்லில் கோல்கை இல்லை என்று பொருளல்ல. தள்ளித்தள்ளி மூன்று வட்டங்களாகத் தெரிகிற மைட்டோகாண்ட்ரியா, வளைந்து நெளிந்த ஒரே மைட்டோகாண்ட்ரியாவாகவும் இருக்கலாம்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் பதப்படுத்தலில் இருக்கிறது. திசுவை வெட்டியெடுத்த உடனே, ஒரு மில்லிமீட்டருக்கு மிகாத துணுக்குகளாக்கி குளூட்டரால்டிஹைடில் போட வேண்டும். இந்தத் திரவம் உள்ளே ஊறுவது மெதுவாகத்தான். தாமதித்தாலோ, துணுக்கு பெரிதாக இருந்தாலோ முதலில் காட்டிக்கொடுப்பது மைட்டோகாண்ட்ரியா: ஊதிப்போய், உள்ளே வெளுத்து, மடிப்புகள் துண்டுதுண்டாகிக் கிடக்கும். நோயுற்ற செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா ஊதும். எது எது என்று எப்படிப் பிரிப்பது? துணுக்கின் ஓரத்தையும் நடுவையும் ஒப்பிட வேண்டும். ஓரத்தில் நன்றாகவும் நடுவில் மட்டும் ஊதியும் இருந்தால், குற்றவாளி திரவம் போய்ச் சேராதது. அக்கம்பக்கத்து ரத்தக்குழாய்ச் சுவர் செல்கள்வரை எல்லாமே ஒன்றுபோல ஊதியிருந்தால், அப்போதும் முதலில் சந்தேகிக்க வேண்டியது தாமதத்தைத்தான். நன்றாகப் பதப்பட்ட ஓரத்திலும் ஒரே வகைச் செல்லில் மட்டும் ஊதல் தெரிந்தால்தான் நோயைப் பற்றிப் பேசலாம்.

அனுபவசாலிகளே இதில் ஏமாந்திருக்கிறார்கள். பாக்டீரியாவின் சவ்வு உள்நோக்கி மடிந்து சுருண்டிருப்பதைப் பார்த்து, மீசோசோம் என்று பெயரும் வைத்து, சுவாசம், செல் பிரிதல் என்று வேலைகளையும் ஒப்படைத்தார்கள். ரசாயனத்தில் ஊறவைக்காமல் நொடியில் உறையவைத்துப் பார்த்தபோது அந்தச் சுருளைக் காணோம். பதப்படுத்தும் ரசாயனம் உண்டாக்கிய மடிப்பு அது. இன்றும் சில கையேடுகளில் மீசோசோம் வண்ணத்தோடு இருக்கிறது. பக்கத்தில் அதன் பணிகள், இரண்டு மதிப்பெண் கேள்வியாக.