ஒரு பாட்டுக்கு 8 ஜிபி: டேக்குகளின் கணக்கு

மைக் ஒன்றில் பதிவாகும் ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் சேமித்தால் நொடிக்கு 1,44,000 பைட் ஆகும். நிமிடத்துக்கு 8.64 எம்பி. 5 நிமிடப் பாட்டில் ஒரு டிராக்கின் எடை 43.2 எம்பி. பாடியவர் வாயைத் திறந்தாலும் மூடியிருந்தாலும் இதே எடைதான். டிஸ்க்கை நிரப்புவது டிராக்குகளும் டேக்குகளும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்வது.

நால்வர் இசைக்குழு ஒன்றின் பாட்டை எடுத்துக்கொள்வோம்.

| பதிவு | மைக்/லைன் | டேக் | எம்பி |
|---|---|---|---|
| டிரம்ஸ் | 10 | 12 | 5,184 |
| பேஸ், கிட்டார் | 3 | 8 | 1,037 |
| குரல் | 1 | 40 | 1,728 |

கூட்டினால் ஏறத்தாழ 7.95 ஜிபி. பத்துப் பாட்டு ஆல்பம் என்றால் 79.5 ஜிபி, 256 ஜிபி லேப்டாப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். நாற்பது முறை பாடவைத்ததாகப் பாடகர்மீது பழி விழும். உண்மையில் டிரம்ஸ் வெறும் பன்னிரண்டு டேக்கில் அதைப்போல மூன்று மடங்கு இடத்தைப் பிடித்திருக்கிறது.

பாட்டில் கடைசியில் ஒலிப்பதோ டிரம்ஸின் 10 டிராக், பேஸ்-கிட்டாரின் 3, முதன்மைக் குரலும் இரண்டு துணைக் குரல்களுமாக 3. மொத்தம் 16 டிராக், 691 எம்பி. பதிவானதில் நூற்றுக்கு ஒன்பதுகூட இல்லை.

இந்த 16 டிராக்கையும் எஃபெக்ட் எதுவும் சேர்க்காமல், வெட்டி ஒட்டிய துண்டுகளை ஒரே கோப்பாக்கி, பாட்டின் பூஜ்ய நொடியிலிருந்து பவுன்ஸ் செய்ய வேண்டும். எல்லாக் கோப்பும் ஒரே நீளத்தில் இருந்தால், நாளை எந்த மென்பொருளில் இழுத்துப் போட்டாலும் தாளம் பிசகாமல் அமரும். கூடவே டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் என்று எஃபெக்டோடு நான்கு ஸ்டீரியோ ஸ்டெம்களும் ஒரு முழு மிக்ஸும் வேண்டும்: 432 எம்பி. இன்று வைத்திருக்கும் ரிவர்ப் பிளக்-இன் அடுத்த கணினியில் திறக்காமல் போகலாம், ஸ்டெம் திறக்கும். இரண்டும் சேர்ந்து பாட்டுக்கு 1.12 ஜிபி, ஆல்பத்துக்கு 11.2 ஜிபி.

பவுன்ஸ் சரியா என்று காதை நம்பிச் சொல்ல முடியாது. நான்கு ஸ்டெம்களையும் புதிய புராஜெக்டில் போட்டு, முழு மிக்ஸை எதிர் துருவத்தில் சேர்த்து ஓட்டுங்கள். எல்லாம் சரியென்றால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு அமைதியாகிவிடும். விடுபட்ட டம்பூரின் இருந்தால் அது மட்டும் தனியாகக் கேட்கும். மாஸ்டரில் லிமிட்டரோ கம்ப்ரஸரோ ஓடினால் இந்தச் சோதனை ஒருநாளும் தேறாது. முழுக் கலவைக்கு அது காட்டும் அழுத்தம் தனித்தனி ஸ்டெம்முக்குக் காட்டும் அழுத்தம் ஆகாது. சோதனைக்கென ஒரு மிக்ஸை அதை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும், ஸ்டெம்களையும் அப்படியே. அசைந்துகொண்டே இருக்கும் கோரஸ், ரிவர்ப் வகைகள் மட்டும் ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் மாறுவதால் மெல்லிய எச்சத்தை விடும், அது பிழையல்ல.

இனி மிச்சமுள்ள டேக்குகள். நல்லதைக் கேட்டுப் பொறுக்கி மற்றதை அழிக்கலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. டிரம்ஸ் 60 நிமிடம், பேஸும் கிட்டாரும் சேர்த்து 40, குரல் 200: பாட்டுக்கு 5 மணி நேரம், ஆல்பத்துக்கு 50. கேட்காமல் அப்படியே ஃபிளாக் வடிவில் சுருக்கினால், அறையின் இரைச்சலோடு கூடிய 24 பிட் பதிவு மூன்றில் இரண்டு பங்காகும் என்று வைத்துக்கொள்வோம்: 53 ஜிபி. இரண்டு வெளி டிஸ்க்கில் இரண்டு பிரதி, 106 ஜிபி. ஜிபிக்கு 6 ரூபாய் என்று போட்டால் 636 ரூபாய். எல்லா டேக்கையும் அழித்தாலும் 50 மணி நேர உழைப்புக்கு மணிக்குப் பதின்மூன்று ரூபாய்கூடத் தேறாது. அந்தக் கூலிக்கு யார் உட்காருவார்?

பவுன்ஸ் செய்த 16 டிராக் இன்னும் நன்றாகச் சுருங்கும். பாடாத இடங்களை வெட்டியிருந்தால் அங்கே இருப்பது வெறும் பூஜ்யங்கள். ஃபிளாக் அவற்றை ஏறக்குறைய இடமே இல்லாமல் எழுதிவிடும். மூல டேக்கின் அமைதியில் மின்விசிறியும் ஹெட்ஃபோன் கசிவும் இருக்கின்றன, அவை அந்த அளவுக்குச் சுருங்காது.

```
flac -8 --verify --keep-foreign-metadata *.wav
flac -t *.flac
```

முதல் வரியில் `--keep-foreign-metadata` என்பதை விட்டுவிட்டால், டேக் எந்த நேரத்தில் தொடங்கியது என்று WAV கோப்புக்குள் இருக்கும் முத்திரை தொலையும். WAV-ஆகத் திரும்ப விரிக்கும்போதும் `-d` உடன் அதே சொல்லைச் சேர்க்க வேண்டும். 32 பிட் ஃப்ளோட்டில் பதிந்தவர்கள் (எடை மூன்றில் ஒரு பங்கு கூடுதல்) இதைப் பயன்படுத்த முடியாது. ஃபிளாக் அந்த வகையை ஏற்பதில்லை. அவர்களுக்கு வேவ்பேக் இருக்கிறது.

அதிகம் தொலைவது ஃபோல்டருக்கு வெளியே கிடக்கும் கோப்புதான்: டவுன்லோட்ஸிலிருந்து நேரே இழுத்துப் போட்ட ஒரு கைத்தட்டல் சாம்பிள். அதனால் சுருக்குவதற்கு முன்பே எல்லா ஒலிக்கோப்பையும் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நகலெடுத்துச் சேமித்து, அந்த ஃபோல்டரை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். விடுபட்டது உடனே தெரியும். அதன்பின் சுருக்கி, இரண்டு வெளி டிஸ்க்கிலும் தனித்தனியே `flac -t` பிழையின்றி முடிந்தால், லேப்டாப்பிலுள்ள 79.5 ஜிபியை அழிக்கலாம். 11.2 ஜிபி பவுன்ஸை அங்கேயே வைத்துக்கொண்டாலும் 68 ஜிபி காலியாகும்.